முதல் நாற்காலியில் வேறொருவர்

பதினைந்து வருடமாக ஒரே கடையில்தான் முடி வெட்டிக்கொள்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், டீக்கடைக்கும் செல்போன் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருக்கிற நாலு சேர் கடை. வாசலை ஒட்டிய முதல் சேர் ஓனர் அண்ணனுடையது. மற்ற மூன்றும் வேலையாட்களுடையவை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மத்தியானம் உள்ளே நுழைந்தேன். முதல் சேர் காலி. நேராகப் போய் உட்காரப் பார்த்தவனை அவர் தடுத்தார்.

"தம்பி, மூணாவது சேர்ல உட்காருங்க. அவன் வெட்டுவான்."

அவர் கையில் கத்திரி இல்லை, ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. நாலு காசு சேர்ந்ததும் மனுஷனுக்கு முதலாளி நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்று பிறகு அவரே சொன்னார். இரண்டு வருடம் பிடித்த ஒரு காரியத்தின் முதல் வாரத்தில் நான் போய் மாட்டியிருக்கிறேன்.

பதினாலு வயதில் அப்பாவிடம் தொழில் கற்றவர். முப்பத்துநாலு வருடம் நின்றே வேலை. கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்திருந்தது. நிற்பதைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் அவரை உலுக்கியது கால் வலி அல்ல. ஒரு முறை காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தார். கடை திறந்துதான் இருந்தது, மூன்று பேரும் வேலைக்கு வந்தார்கள். இருந்தும் கல்லாவில் பாதிகூட விழவில்லை. வருகிறவர்கள் முதல் சேரைப் பார்த்து, "அண்ணன் இல்லையா? அப்புறம் வர்றேன்" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். "நான் படுத்தா கடையும் கூடவே படுத்துக்குது" என்றார்.

எழுந்து வந்ததும் முதலில் அவர் செய்தது தப்பு. நாளையிலிருந்து நான் வெட்டப் போவதில்லை என்று வேலையாட்களிடம் சொல்லிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பழைய ஆட்கள் முகத்தைச் சுளித்தார்கள். பையன்களுக்கு எந்தத் தலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் மறுபடி கத்திரியை எடுத்துவிட்டார்.

அடுத்த முறை கணக்கிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் கணக்குதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்பதால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

அவர் கடையில் கட்டிங் 150 ரூபாய். பல சலூன்களில் இருப்பதுபோல அங்கேயும் பாதிக்குப் பாதி. வேலையாள் வெட்டினால் 75 அவனுக்கு, 75 கடைக்கு. ஓனரே வெட்டினால் 150-ம் கடைக்கு. இதனால்தான் ஓனர் கை ஓயக் கூடாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் அவர் நாலு தலை வெட்டுவார். 600 ரூபாய். சேரை விட்டு இறங்கினால் 600 போய்விடும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். ஆனால் அந்த நாலு பேரும் அடுத்த சேரில் உட்கார்ந்தால் கடைக்கு 300 வருகிறது. நாலில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனால்கூட 225 வருகிறது. ஆக, அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவர் கொடுக்கும் விலை 600 அல்ல, 300 முதல் 375 வரைதான்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். வார நாட்களில் பதினொரு மணி வாக்கில் பெஞ்சில் நாலு பேர் இவருக்காகக் காத்திருப்பார்கள். அதே நேரத்தில் மூன்று வேலையாட்களும் சேரில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வேளையில் இவர் விலகினால் கடையின் வேலை குறையாது, கை மட்டும்தான் மாறும். ஞாயிறு காலையில் விலகினால் கதை வேறு. அப்போது நாலு சேரும் ஓடியாக வேண்டும், ஒரு சேர் நின்றால் அதன் வருமானம் முழுசாக நஷ்டம். அதனால் புதன், வியாழன் இரண்டு நாள் மட்டும், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை என்று முடிவு செய்தார். அந்த வேளையில்தான் நான் போய் நின்றேன்.

இறங்குவதற்கு முன் ஒரு வாரம் நோட்டுப் போட்டார். கத்திரியைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு, பக்கத்தில் காரணம். சில்லறை கொடுக்க, போன் எடுக்க, துண்டு தீர்ந்துவிட்டது என்று சொன்னவனுக்குப் பீரோ சாவி கொடுக்க, ஷேவிங் க்ரீம் வாங்கப் பணம் எடுக்க, வாஷ்பேசின் அடைப்பைக் குத்த. ஒரு சனிக்கிழமை மட்டும் இருபத்தெட்டு கோடு. இவற்றில் ஒன்றுகூடத் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியதில்லை. முதலில் கைமாறியவை இவைதான்.

கைமாற்றிய விதத்தில் ஒரு நுணுக்கம் இருந்தது. "சரக்கு தீராம பாத்துக்கோ" என்று அவர் பொதுவாகச் சொல்லவில்லை. அலமாரியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். பொருள் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் வாங்க வேண்டும். 500 ரூபாய் வரை அவரைக் கேட்கத் தேவையில்லை, பில்லை ஆணியில் குத்தினால் போதும். அதற்கு மேல் போனால் கேட்க வேண்டும். வேலையைக் கொடுத்துவிட்டு அதை முடிக்கிற அதிகாரத்தைக் கொடுக்காவிட்டால் கேள்வி திரும்ப நம் சேருக்கே வந்து நிற்கும் என்பது அவருக்கு அந்த இருபத்தெட்டு கோட்டிலேயே புரிந்திருந்தது. பாதிக் கோடுகள் அனுமதி கேட்டு வந்தவை.

இதெல்லாம் சுலபமான பகுதி. கஷ்டம், தலையைக் கைமாற்றுவதில் இருந்தது.

வாடிக்கைக்காரர் ஓனரிடம் உட்காருவது திறமைக்காக மட்டும் இல்லை. எதுவும் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் சுகம். என் உச்சியில் இரட்டைச் சுழி. (இரட்டைச் சுழிக்கு இரண்டு கல்யாணம் என்பார்கள். எனக்கு ஒன்றுக்கே நாக்குத் தள்ளுகிறது.) அந்த இடத்தில் முடியை ஒட்ட வெட்டினால் சேவல் கொண்டைபோல எழுந்து நிற்கும், ஒரு விரல் நீளம் விட்டால் படிந்துவிடும். இது அண்ணனின் கைக்குத் தெரியும். ஆனால் அவர் வாயால் ஒருபோதும் சொன்னதில்லை. "எப்படிண்ணே வெட்டணும்?" என்று பையன் கேட்டபோது, "பாத்தா தெரியாதா?" என்றாராம். தெரியாது. முப்பத்துநாலு வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரிவது மூன்று வருடம் பார்த்த கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் ஒரு சீட்டு எழுதினார். என் சீட்டை நான் பார்த்திருக்கிறேன். "பக்கம் 2, கீழே 1. மேலே கத்திரி, மிஷின் வேண்டாம். உச்சி ரெண்டு சுழி, ஒரு விரல் விடு. இடது கிருதா கொஞ்சம் மேலே இருக்கும், வலதை அதுக்குச் சமம் பண்ணு. பேச்சு பிடிக்கும்." இதில் 1, 2 என்பவை மிஷினில் மாட்டும் சீப்பின் நம்பர். ஒன்று போட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் முடி நிற்கும், இரண்டு போட்டால் 6. வாயால் சொல்ல முடியாததை இப்படி நம்பராகவும் விரலாகவும் மாற்றிவிட்டால் அடுத்தவன் கைக்குப் போய்ச் சேர்கிறது. கடைசி வரியைப் படித்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

சீட்டை எழுதிவிட்டு ஒரேயடியாகத் தலையை ஒப்படைக்கவும் இல்லை. முதல் மாதம் வாடிக்கைக்காரர் முதல் சேரில்தான் உட்கார்ந்தார். பையன் தண்ணீர் அடித்து, துணி போர்த்தி, பக்கவாட்டில் மட்டும் மிஷின் ஓட்டுவான். மேலே கத்திரி வேலையும் முடிப்பும் அண்ணன். அடுத்த மாதம் முழுத் தலையும் பையன், பின் கழுத்து லைனும் கிருதாவும் மட்டும் அண்ணன். அதற்கடுத்து எல்லாமே பையன். முடிந்ததும் அண்ணன் வந்து பின்கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார், "சரியா இருக்கா?" என்று கேட்பார், அவ்வளவுதான். நாலாவது மாதம் கண்ணாடியையும் பையனே பிடித்தான். வாடிக்கைக்காரரின் கண் முன்னால் ஒவ்வொரு படியாக நடந்ததால், தன்னை யாரோ புது ஆளிடம் தள்ளிவிட்டார்கள் என்ற எண்ணம் வரவில்லை. என்னைப்போல முதல் வாரத்தில் நேராக மூன்றாவது சேருக்குப் போனவர்களுக்குத்தான் வந்தது. அந்த வாரத்தில் மூன்று பேர் வராமலே போனார்களாம். படிப்படியாகச் செய்யும் யோசனை அதற்குப் பிறகு வந்ததுதான்.

இடையில் ஒரு விபத்து. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தலையில் பையன் பக்கவாட்டு மேடு பள்ளத்தைச் சரியாகக் கலக்கவில்லை. ஒட்ட வெட்டிய இடத்துக்கும் நீள முடிக்கும் நடுவில் பட்டை பட்டையாகக் கோடு தெரிந்தது. அண்ணன் தாங்கமாட்டாமல் எழுந்து போய், "தள்ளுடா" என்று மிஷினைப் பிடுங்கி, இரண்டே நிமிடத்தில் சரி செய்துவிட்டார். தலை சரியாகிவிட்டது. ஆனால் வாத்தியார் அதற்குப் பிறகு அந்தப் பையனின் சேரில் உட்காரவே இல்லை. பக்கத்தில் காத்திருந்த இருவரும் உட்காரவில்லை. பையன் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மிஷினைப் பிடுங்கிய இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மாத உழைப்பு போனது என்று அண்ணன் கணக்குச் சொல்கிறார்.

அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு. தப்பு தெரிந்தால் அண்ணன் சேருக்குப் பின்னால் வந்து நின்று, பையனின் தோளில் ஒரு தட்டு, "சைடு லைட்டுல பாரு" என்பார். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மறைகிற கோடு, தலையைப் பக்கவாட்டு வெளிச்சத்துக்குத் திருப்பினால் தெரிந்துவிடும். பையன் தானே கண்டுபிடித்துத் தானே சரி செய்வான். அண்ணன் தன் கைகளைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொள்வார். "வெளிய இருந்தா அது தானா போயிடும் தம்பி" என்று கையைக் காட்டிச் சொன்னார், வளர்த்த நாயைப் பற்றிச் சொல்வதுபோல.

சேரில் நிற்காதவருக்குக் கடையில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரியும்? கேமரா வைத்தீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டு பிளேடு டப்பாவைக் காட்டினார்.

சலூனில் இரட்டை முனை பிளேடை நடுவில் உடைத்து, பாதியைக் கத்தியில் மாட்டுவார்கள். ஷேவிங் என்றாலும் கட்டிங் என்றாலும் பெரியவர்களுக்குக் கிருதாவிலும் பின் கழுத்திலும் கத்தி படும். ஒரு ஆளுக்குப் பாதி பிளேடு, வேலை முடிந்ததும் அது டப்பாவுக்குள் போய்விட வேண்டும். காலையில் அறுபது பிளேடு எண்ணி வைக்கிறார். இரவு முப்பத்தெட்டு இருந்தால் இருபத்திரண்டு செலவு, அதாவது நாற்பத்துநாலு ஆள். நோட்டிலும் நாற்பத்துநாலு இருந்தால் சரி. சின்னப் பையன்களுக்குக் கத்தி வைப்பதில்லை, அவர்களுக்கு நோட்டில் தனிக் குறி.

நோட்டில் முப்பத்தேழுதான் இருக்கிறது என்றால் ஏழு பேரின் காசு எழுதப்படாமல் எங்கோ போயிருக்கிறது, அல்லது பிளேடு வீணாகியிருக்கிறது. ஆனால் அவர் அதிகம் பயப்படுவது மறுபக்கத்துக்கு. நோட்டில் ஐம்பது ஆள், செலவான பிளேடு இருபது என்றால் பத்துப் பேருக்கு இன்னொருவர் மேல் பட்ட பிளேடு பட்டிருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரைகூட உயிரோடு இருக்கும். பளபளவென்று துடைத்த பிளேடைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணிக்கையில்தான் தெரியும். காசுக் கணக்கையும் சுத்தத்தையும் ஒரே டப்பா காட்டிக்கொடுக்கிறது. யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவு எல்லோர் முன்னாலும் எண்ணுவார், தான் வெட்டிய தலைகளையும் சேர்த்து.

டை அடிப்பதை மட்டும் கடைசி வரை கையில் வைத்திருந்தார். அதற்குக் காரணம் உண்டு. கறுப்பு டை பலவற்றில் பிபிடி என்கிற ரசாயனம் இருக்கிறது, சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. காதுக்குப் பின்னால் துளி தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலையில் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போகும் அவசரத்தில் வருகிறவர் இரண்டு நாள் காத்திருப்பாரா? மாட்டார். "எப்பவும் அடிக்கிறதுதான், ஒண்ணும் ஆகாது" என்பார். ஒரு முறை அப்படிச் சொன்ன பெரியவருக்குப் பையன் வேறு கம்பெனி டையை அடித்துவிட்டான். மறுநாள் கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. ஊசி போட்டுச் சரியானது. ஆனால் டையில் கை வேலையைவிட "முடியாது" என்று சொல்லும் வேலைதான் பெரியது என்பது அண்ணனுக்கு அன்று தெரிந்தது. வயதில் மூத்த வாடிக்கைக்காரரிடம் இருபத்திரண்டு வயதுப் பையனால் அதைச் சொல்ல முடிவதில்லை. அந்தப் பொறுப்பு போன வருடம்தான் கைமாறியது, அதுவும் மூத்த வேலையாளுக்கு மட்டும்.

மிச்சமான நேரத்தில் என்ன செய்தார்? ஆரம்பத்தில் முழுக்க முழுக்கப் பையன்கள் பக்கத்தில் நின்றார். பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தார். தன் மகனை வாசலில் உட்கார வைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்களை எண்ணச் சொன்னார். ஒன்பதிலிருந்து ஒரு மணிக்குள் ஒரு ஞாயிறு பதினொரு பேர், அடுத்த ஞாயிறு ஒன்பது பேர். அதே நாள் இரண்டிலிருந்து ஐந்து வரை சேர்கள் சும்மா கிடந்தன. புதன், வியாழன் மத்தியானம் பழைய வாடிக்கைக்காரர்களுக்குப் போன் போட்டு, ஞாயிறு மூன்று மணி, மூன்றரை என்று நேரம் கொடுக்க ஆரம்பித்தார். எட்டிப் பார்க்கிறவரிடம், "ரெண்டரைக்கு வாங்க, உங்களுக்கு சேர் ரெடியா இருக்கும்" என்று சொல்லவும் ஒரு ஆள் ஆச்சு. வாரம் ஆறு பேர் அப்படித் திரும்பி வந்தார்கள். கடைக்கு 450 ரூபாய்.

புதன், வியாழனில் சேரை விட்டதால் வாரத்துக்கு 750 வரை போகிறது. வந்தது 450. முதல் மூன்று மாதம் வாரம் சுமார் 300 ரூபாய் கையைக் கடித்தது, அதை அவர் மறைக்கவில்லை. தீபாவளி முடிந்து, கார்த்திகை மாதம் மாலை போட்டவர்கள் தாடி வளர்த்துக்கொண்டு ஷேவிங்குக்கு வராத நாட்களில் இதைத் தொடங்கியிருந்தால் தாங்கியிருக்க முடியாது என்றார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிற கூட்டத்துக்குப் பிறகு, கையில் கொஞ்சம் காசு இருக்கும்போது தொடங்கினார். ஒரு வருடம் கழித்து முதல் சேருக்கே ஒரு ஆள் வைத்தார். அப்போதுதான் கணக்கு நிமிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சேரில் இருபது தலை ஓடினால், அவர் கத்திரியைத் தொடாமலே 1,500 ரூபாய் கடைக்கு.

எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று சொல்ல முடியாது. சீட்டு, சுழி, லைன் எல்லாம் கற்றுக்கொடுத்த மூத்த பையன் எட்டாவது மாதம் முன்பணம் பன்னிரண்டாயிரத்தோடு போனான். இரண்டு தெரு தள்ளிக் கடை போட்டான், கூடவே பதினைந்து இருபது வாடிக்கைக்காரர்களும் போனார்கள். இந்தத் தொழிலில் இதற்கு மருந்தில்லை. முன்பணத்தை இப்போது மாதச் சம்பாத்தியத்தில் கால் பங்குக்கு மேல் கொடுப்பதில்லை. நேரம் கேட்டு வரும் போன் கடை நம்பருக்குத்தான் வர வேண்டும், வேலையாளின் சொந்த நம்பருக்கு அல்ல. இரண்டு வருடம் தாண்டியவனுக்குப் பாதிக்குப் பதில் அறுபது சதவீதம். போகிறவனை இவை நிறுத்தாது, போகும்போது அவனோடு போகும் கூட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும். சீட்டுகள் கடையிலேயே இருந்ததால் அடுத்து வந்த பையனுக்கு என் இரட்டைச் சுழியை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அண்ணன் இன்னும் முழுசாக விடவில்லை. திங்கட்கிழமை காலை ஐந்தாறு பெரியவர்கள் வருவார்கள், அவர் அப்பா காலத்து ஆட்கள். வேறு யார் கையும் அவர்களுக்கு ஆகாது. அவர்களுக்காக மூன்று மணி நேரம் நிற்கிறார், காலில் இறுக்கமான சாக்ஸ் போட்டுக்கொண்டு.

போன ஞாயிறு போயிருந்தேன். முதல் சேரில் புதுப் பையன். டிராயரிலிருந்து என் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு சுழியாண்ணே?" என்றான். வாசலில் அண்ணன், கைக்குழந்தையோடு எட்டிப் பார்த்த ஒருவரிடம் மூன்று மணிக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் உச்சியில் கத்திரி வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியில் அவர் வலது கை மெல்ல மேலே எழுவது தெரிந்தது. பிறகு பாக்கெட்டுக்குள் போனது.